அண்ணியின் கையும் எர்த் வயரும்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மெர்லிமாவில் இருக்கும் அண்ணனுடைய மளிகைக் கடையை நான்தான் திறப்பேன். மற்ற நாள்களில் அண்ணன் திறப்பார். அந்த ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றே தாமதமாக வருவார். நான் ஒவ்வொரு பிளக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் காண அவருக்குப் பொறுக்காது.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் என் பாதி வாழ்க்கையைக் கழித்தேன். லைனில் நின்று சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. கடைசி வருடங்களில் என்னைப் பாதுகாப்புக் குழுவில் போட்டார்கள். படித்தவள் என்பதால் அல்ல, யாரும் வரமாட்டேன் என்றதால். மாதம் ஒருமுறை ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பகுதி முழுக்கச் சுற்றிவர வேண்டும். சாக்கெட்டில் விரிசல் இருக்கிறதா, வயர் நசுங்கியிருக்கிறதா, மின்பலகைக்கு முன்னால் யாராவது பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு தொழிற்சாலை ஆள்களைக் குறைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு கைக்கடிகாரமும், எதையும் சரிதானா என்று இரண்டு முறை பார்க்கும் பழக்கமும். கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அண்ணன் கடைக்கு உதவிக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே, குளிர்பெட்டியின் வயர் அரிசி மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். மூட்டையை நகர்த்தச் சொன்னேன். "இது பாக்டரி இல்லம்மா, கடை" என்றார் அண்ணன். ஆனாலும் நகர்த்தினார். வயரின் மேல்தோல் வெடித்து உள்ளே நீலமும் பழுப்பும் தெரிந்தன. அன்று மாலையே ஒரு தாளில் கோடு போட்டு, பார்க்க வேண்டியதை எல்லாம் எழுதி, மின்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. படிக்கவும் இல்லை.

அந்தத் தாளில் அதிசயமாக எதுவும் இல்லை. சாக்கெட்டின் முகத்தில் விரிசலோ கறுத்த தடமோ இருக்கிறதா. பிளக்கைச் செருகினால் ஆடுகிறதா. ஓடிக்கொண்டிருக்கும் பிளக்கின் மேல் புறங்கையை வைத்தால் சுடுகிறதா. ஒரே சாக்கெட்டில் அடாப்டர் மேல் அடாப்டராகச் செருகியிருக்கிறதா. வயரில் டேப் சுற்றிய ஒட்டு உண்டா, ஈரத் தரையில் கிடக்கிறதா, நீட்டிப்பு வயர் சுருளாகவே கிடந்து சூடாகிறதா. மின்பலகைக்கு முன்னால் வழி இருக்கிறதா, மூடி சரியாக மூடியிருக்கிறதா, கருகிய வாடையோ ரீங்காரமோ வருகிறதா, பல்லி புகுந்திருக்கிறதா. கரண்டு கசிவைக் கண்டால் தானாக விழும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அது விழுகிறதா. கடைசியாக எர்த். அதற்கு வன்பொருள் கடையில் ஒரு சிறிய சோதனைப் பிளக் வாங்கி வைத்திருக்கிறேன். சாக்கெட்டில் செருகினால் இரண்டு பச்சை விளக்கு எரியும். பிறகு பின்சந்துக்குப் போய், சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும் எர்த் வயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவேன்.

எல்லா மாதமும் எல்லாம் சரியாகவே இருக்கும். இந்த வேலையில் அலுப்பே அதுதான். முட்டி வலிக்கக் குனிந்து, முதுகு வலிக்க நிமிர்ந்து, கடைசியில் சரி சரி சரி என்று எழுதி முடிக்க வேண்டும். எதுவும் நடக்காமல் இருந்ததற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

நான் சொல்லப்போகும் அந்தத் திங்கட்கிழமை நோன்பு மாதத்தில் வந்தது. எங்கள் கடையில் தேங்காய்க்கு அதைவிட ஓட்டமான மாதம் கிடையாது. பிற்பகல் ஆனதும் கம்பத்திலிருந்து, சுற்றியுள்ள மலாய்க் கிராமங்களிலிருந்து, மோட்டார் சைக்கிள்களில் வந்து வரிசை பிடித்து நிற்பார்கள். துருவிய தேங்காய், பிழிந்த சாந்தான். நோன்பு திறக்கும் சமையலுக்கு அந்தத் தேங்காய்ப்பால் இல்லாமல் ஆகாது. துருவும் மெஷினும் பிழியும் மெஷினும் கடையின் பின்கட்டில் இருக்கின்றன. இரண்டும் இரும்பு. தரை எப்போதும் ஈரம். அங்கே நின்று வேலை செய்வது அண்ணி.

அண்ணி அதிகம் பேசமாட்டார். சீனி வியாதி வந்து வருடங்கள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுவார், கிளினிக்குக் காட்டுவார், திரும்பி வந்து தேங்காய் உடைப்பார். நோன்பு தொடங்கியதிலிருந்து இரண்டு கையையும் அடிக்கடி உதறிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "சீனி கைக்கு இறங்கியிருச்சி போல" என்றார். அண்ணன் வீட்டிலிருந்த இனிப்பை எல்லாம் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். "வாயைக் கட்ட மாட்டேங்கிறா, அப்புறம் கை மரத்துப்போச்சுங்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணி பால் இல்லாத, சீனி இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை வழக்கம்போல வாசலிலிருந்து ஆரம்பித்தேன். கல்லாப் பக்கத்துச் சாக்கெட் சரி. குளிர்பான அலமாரியின் வயர் சரி. மின்பலகையின் மூடி சரி. சோதனைப் பொத்தானை அமுக்கினேன். டக்கென்று விழுந்தது, கடை இருண்டது. மறுபடி தூக்கிவிட்டேன், குளிர்பெட்டிகள் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. பிறகு சோதனைப் பிளக்கை எடுத்துப் பின்கட்டுச் சாக்கெட்டில் செருகினேன்.

ஒரு விளக்குதான் நன்றாக எரிந்தது. இன்னொன்று இல்லை என்றே சொல்லலாம்.

சாக்கெட் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஈரம் படும் இடம். எடுத்துப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினேன். அதிலும் அப்படியே. கல்லாவுக்குப் போய் அங்கே செருகினேன். அங்கும் அதே. ஒரு சாக்கெட்டில் என்றால் அந்தச் சாக்கெட்டின் கோளாறு. எல்லாவற்றிலும் என்றால் கோளாறு எல்லாம் போய்ச் சேருகிற இடத்தில்.

பின்கதவைத் திறந்து சந்துக்குப் போனேன். சுவரோடு இறங்கி வரும் பச்சையும் மஞ்சளுமான வயர் என் இடுப்பு உயரத்தில் முடிந்திருந்தது. அறுந்து தொங்கவில்லை. கத்தரி போட்டு வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது. கீழே, மண்ணிலிருந்து தலை நீட்டும் செம்புக் கம்பியில் கவ்வி மட்டும் இருந்தது, அதில் ஒரு விரல் நீளத் துண்டு. நடுவில் இருந்த செம்பைக் காணோம். போன மாதம் அது அங்கே இருந்தது. நானே பார்த்திருந்தேன்.

திருடியவன் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தச் சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. இனி இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில், தேங்காய் லாரி வந்து இறக்கிவிட்டுப் போன காலையில்.

உள்ளே வந்து துருவும் மெஷின், பிழியும் மெஷின் இரண்டின் பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து உருவினேன். பிறகு இரண்டு குளிர்பெட்டிகள், குளிர்பான அலமாரி. குளிர்பெட்டிகளின் மூடி மேல் "திறக்காதீர்கள்" என்று அட்டை எழுதி வைத்தேன். மூடியே இருந்தால் ஒரு நாள் தாங்கும். அப்போதுதான் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள்.

"ஏன் ஐஸ்பெட்டி சத்தமே இல்ல?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் நுழைந்தார்.

"எர்த் வயரை வெட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே. பின்னாடி செம்பே இல்ல."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திருடனைத் திட்டினார், சந்தில் விளக்குப் போடாதவர்களைத் திட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, வயர்மேனைக் கூப்பிடு. அதுக்கு எதுக்கு எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்க?"

"எர்த் இல்லாம இரும்பு மெஷினை ஓட்டக்கூடாதுண்ணே."

"எப்ப வெட்டுனானோ. அதுலேர்ந்து ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சி? என்ன ஆச்சு? நீதானே மாசாமாசம் அந்தப் பட்டனை அமுத்துற. இன்னைக்கி அமுத்துனியா இல்லையா?"

"அமுத்துனேன். விழுந்துச்சி."

"அப்புறம் என்ன?"

இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அன்று தெம்பில்லை. ஆனாலும் சொன்னேன். அந்தப் பொத்தான் அந்தச் சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எர்த் இருந்தால், மெஷினின் உடம்பில் கரண்டு கசிந்த உடனே அது வயர் வழியாக மண்ணுக்கு ஓடும், சுவிட்ச் கண்டுபிடித்து விழும். எர்த் இல்லையென்றால் கசிந்த கரண்டு மெஷினின் உடம்பிலேயே காத்திருக்கும். யாராவது தொட்டு, அவர் வழியாக மண்ணுக்குப் போனால்தான் சுவிட்சுக்கே தெரியவரும். அதுவும் நம் கடையில் இருப்பது பழைய சுவிட்ச். ஒரு மனுஷன் வழியாகப் போகிற அளவுக்கு அது விழுமா என்பதே சந்தேகம்.

அண்ணன் கேட்டார். காதில் விழாமல் இல்லை. ஆனால் கூடையில் குவிந்திருந்த தேங்காய் அவர் கண் முன்னால் இருந்தது.

"ஒரே ஒரு நாள். நாளைக்கு வயர்மேன் வரட்டும்."

ரெம்பியாவில் இருக்கும் வயர்மேனுக்குப் போன் போட்டேன். எங்கள் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், என்னைவிட இளையவன். "இன்னைக்கி முடியாதுக்கா, ஒரு சூராவுல வேலையா மாட்டிக்கிட்டேன், ராத்திரித் தொழுகைக்கு முன்ன முடிக்கணும். நாளைக்கிக் காலையிலே வந்திர்றேன். அதுவரைக்கும் இரும்பு எதையும் ஓட்டாதீங்க" என்றான். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

அவருக்கு உடனே வேறு யோசனை வந்தது. பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடையிலிருந்து நீட்டிப்பு வயர் போட்டு இன்று மட்டும் மெஷினை ஓட்டலாம் என்றார். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர், மறுக்கமாட்டார். ஈரத் தரையில் நீட்டிப்பு வயர் கூடாதென்று என் தாளிலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் சண்டை போடாமல், சோதனைப் பிளக்கை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் அவர் அனுமதியோடு செருகிப் பார்த்தேன். அங்கும் ஒரே விளக்கு. அதற்கடுத்த முடிதிருத்தும் கடையிலும் அப்படித்தான். சந்துக்குப் போய்ப் பார்த்தால், எங்கள் வரிசையில் வெளியே தெரிந்த எர்த் வயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. யாருக்கும் தெரியவில்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எப்படித் தெரியும்? கைத்தொலைபேசிக் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "தாக் பெர்னா தெங்கொக் பெலாக்காங் லா, காக்" என்றார். பின்பக்கமே பார்த்ததில்லையாம்.

திரும்பி வந்தபோது அண்ணன் துருவும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிளக் அவர் கையில் இருந்தது. காலுக்கடியில் ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டிருந்தார்.

"பலகை மேல நின்னுக்கிட்டா போதும். ரப்பர் செருப்பு வேற போட்டிருக்கா. அவ நிப்பா."

நான் அந்தப் பிளக்கைப் பிடுங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் நிறுத்திய மெஷினில் பூட்டுப் போடுவோம், சாவி எங்கள் பையில் இருக்கும், யாரோடும் வாய் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே என்னிடம் பூட்டு இல்லை. அவர் என்னைவிடப் பெரியவர், கடை அவருடையது.

அப்போது அண்ணி பேசினார். தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல்.

"செருப்பு போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவும் சுர்ருன்னுச்சி."

அண்ணன் திரும்பினார். "என்ன சுர்ருன்னுச்சி?"

"கைதான். மெஷினைத் தொட்டா சுர்ருங்கும். எறும்பு ஊர்ற மாதிரி. ஈரக் கையோட தொட்டா ஜாஸ்தி."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. சீனி கைக்கு இறங்கியிருச்சின்னேன்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஓடுறப்ப மட்டுமா அண்ணி?"

"அதான் இல்ல. சுவிட்சை அடைச்சிட்டுத் துடைப்பேன்ல, அப்பவும் அப்படித்தான் இருக்கும். சுவிட்சு அடைச்சா கரண்டு ஏது? அதனாலதான் இது கரண்டு இல்ல, வியாதின்னு நெனச்சேன்."

அண்ணியின் யோசனையில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் சாக்கெட்டில் இருக்கும் சுவிட்ச் கரண்டு வரும் வயரைத்தான் துண்டிக்கும், எர்த் வயரைத் துண்டிக்காது. கடையின் எல்லா எர்த் வயர்களும் மின்பலகைக்குள் ஒரே இடத்தில் சேருகின்றன. மண்ணோடு தொடர்பு அறுந்தபின், எங்கேயோ ஒரு சாமானில் கசிகிற கரண்டு அந்த எர்த் வயர்களின் வழியாகவே மற்ற எல்லா இரும்பு உடம்புக்கும் ஏறிவிடும். நிறுத்தி வைத்த மெஷினிலும் ஏறும். பிளக்கை உருவினால் ஒழியப் போகாது.

இதை நான் சொன்னேன். அண்ணன் கையிலிருந்த பிளக்கைக் கீழே வைத்தார். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு அரிசி மூட்டையின் மேல் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். அண்ணியைப் பார்க்கவில்லை.

"இனிப்பு தின்னுத்தான் கை இப்படி ஆச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"சரி, விடுங்க" என்றார் அண்ணி.

பிற்பகலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. அண்ணன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும், "மெசின் ரோசாக், மாக்சிக். மாஆப்" என்று மெஷின் கெட்டுப்போனதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் முழுத் தேங்காயாக வாங்கிப்போனார்கள். ஒரு மூதாட்டி, தன் வீட்டில் கையால் துருவுகிற பலகை இன்னும் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். பாதித் தேங்காய் கூடையிலேயே தங்கிவிட்டது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மூவரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை வயர்மேன் வந்தான். முதலில் சந்துக்குப் போய் மண்ணில் இருந்த கம்பியைத் தன் மீட்டரால் சோதித்தான். எண் அதிகமாக இருக்கிறதென்று இன்னொரு கம்பியைத் தள்ளி அடித்து இரண்டையும் இணைத்தான். புது வயரை வெறுமனே விடாமல் கெட்டியான குழாய்க்குள் நுழைத்து, சுவரோடு இறுக்கி, மண்ணுக்குள்ளும் கொஞ்சம் இறக்கிவிட்டான். "செம்பு கண்ணுல பட்டாத்தான்கா திருடனுக்குக் கை அரிக்கும்" என்றான். பிறகு உள்ளே வந்து, எல்லாச் சாமானின் பிளக்கும் உருவிக் கிடக்க, ஒவ்வொன்றாக வேறொரு மீட்டரில் மாட்டிப் பார்த்தான்.

துருவும் மெஷினில் ஒன்றும் இல்லை. பிழியும் மெஷினிலும் இல்லை. கசிந்தது, பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் ஆசையாக வாங்கிவந்த இரண்டாவது குளிர்பெட்டி. மீன் வைக்கிற பெட்டி.

"இது ரொம்ப நாளாக் கசிஞ்சிருக்கும்ணே" என்று அண்ணனிடம் சொன்னான். "கொஞ்சமாக் கசிஞ்சதால சுவிட்சும் விழல. எர்த் இருந்த வரைக்கும் கசிஞ்சது மண்ணுக்குப் போயிருச்சி, யாருக்கும் தெரியல. எர்த்தை வெட்டுனதும் போக்கிடம் இல்லாம எல்லா மெஷினுக்கும் ஏறியிருச்சி. ஈரத்துல நின்னு தொடுறவங்க அண்ணி ஒருத்தர்தான். அதான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"இன்னும் ஜாஸ்தியாக் கசிஞ்சிருந்தா?" என்று கேட்டார் அண்ணன்.

வயர்மேன் அண்ணியைப் பார்த்தான். "அந்தப் பெட்டியை இனிமே செருகாதீங்க" என்று மட்டும் சொன்னான். ஈரமான பின்கட்டுக்கு இன்னும் சின்னக் கசிவுக்கே விழுகிற சுவிட்ச் ஒன்று தனியாகப் போட வேண்டும் என்றான். அண்ணன் உடனே போடச் சொன்னார். அன்றே போட்டுவிட்டான். மத்தியானத்துக்குள் மெஷின்கள் ஓடின. மீதிக் கடைக்காரர்களும் அவனை ஒருவர் பின் ஒருவராக இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் அன்று ரெம்பியா போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருக்கும்.

அந்தக் குளிர்பெட்டியை அண்ணன் தூக்கிப்போடவில்லை. வயரை அடியோடு வெட்டிவிட்டு, பின்கட்டில் ஓரமாக வைத்து வெங்காயமும் பூண்டும் கொட்டிவைத்திருக்கிறார். மூடியைத் திறந்து வைத்தால் காற்றோட்டமாக இருக்கிறதாம்.

நான் சொன்னது சரி என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களிடம், "என் தங்கச்சி பாக்டரியில சேப்டி ஆபீசரா இருந்தவ" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் லைனில் நின்றவள். திருத்தலாம். திருத்தினால் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணியின் கைதான் முடியாத கதை. எர்த் சரியான பிறகு அந்தச் சுர்ரென்ற உணர்ச்சி குறைந்தது என்றார். சில வாரம் கழித்து, முழுசாகப் போகவில்லை என்றார். மெஷினைத் தொடாதபோதும், படுத்திருக்கும்போதும் விரல் நுனியில் ஊர்கிறதாம். கடையில் வைத்து ஊர்ந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் போய்ச் சோதித்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அண்ணன் அரிசி மூட்டையை எண்ணுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன மாதம் அண்ணியை நான்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதி அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டாள். சீனி முதலில் மரக்கவைப்பது பாதத்தைத்தானாம். தொடும்போது தெரிந்தால் "யா" என்று சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இழை கால் பெருவிரலைத் தொட்டது, வளைந்தது. அண்ணி கண்ணை மூடியபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதுபோலக் காத்திருந்தார். அடுத்த விரலைத் தொட்டது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தாதி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். கையில் ஊர்வது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். அதை எப்படிச் சொல்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கரண்டில் ஆரம்பித்ததா, அதற்கு முன்பே இருந்து கரண்டு வந்ததில் கலந்துவிட்டதா, எதிலிருந்து எதுவரை எது என்று பிரிக்க வழியில்லை. "நோன்பு மாசத்துல" என்றார் அண்ணி. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை மெதுவாக மடக்கி மடக்கி நீட்டினார்.

"எல்லாமே கரண்டா இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். "வயர்மேன் வந்து சரிபண்ணியிருப்பான்."

அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல்கள் சில்லென்றிருந்தன, தேங்காய் ஓடு கீறிய தழும்புகள் நிறைய. நான் பிடித்திருப்பது தெரிகிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவர் தூங்கிவிட்டார். மெர்லிமாவில் இறங்கும்போது நண்பகல் தாண்டியிருந்தது, கடை வாசலில் நான்கைந்து பேர் தேங்காய்க்கு நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.